எட்டாவது நிமிடத்தில் இருந்த மருந்து

நந்தகுமாரின் இடது தோளைக் கெடுத்தது மாடுகள்தான். மானாம்பதியைச் சுற்றி சினை ஊசி போடுகிறவன் அவன். பசுவுக்குப் பருவம் வந்தால் காளையைத் தேடிப் போகிற காலம் எங்கள் பக்கத்தில் எப்போதோ முடிந்துவிட்டது. நந்துவுக்கு போன் போட்டால் வண்டியில் வருவான், பின்சீட்டில் காளை விந்தை உறையவைத்த, புகைவிடும் நைட்ரஜன் கேன் இருக்கும். இடது கையில் தோள்வரை உறையை மாட்டி, மாட்டின் பின்பக்கமாக உள்ளே விட்டுக் கர்ப்பப்பையின் வாயைப் பிடித்துக்கொள்வான். வலது கை ஊசியை நுழைக்கும். மாடு அதுவரை பொறுமையாக நிற்குமா? முறுக்கும், நெளியும், கையை உள்ளேயே வைத்து நெரிக்கும். இப்படியே பல வருஷம் போனதில் நந்துவின் தோள் மூட்டு தேய்ந்துபோனது. சட்டைக்குள் கையை விடவே அவன் மனைவி பிரபா உதவ வேண்டியிருந்தது. காஞ்சிபுரத்தில் பார்த்த எலும்பு டாக்டர், இனிமேல் மாட்டுக்குள் கை விட்டால் கை உனக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அவன் என் கடைக்கு வந்தான். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு ஸ்டுடியோ. பெயர் மோகன் வீடியோஸ். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் எடுப்பேன். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் ஈ ஓட்டுவேன். அந்த ஈ ஓட்டும் மாதம் ஒன்றில்தான் நந்து வந்து, மாட்டைப் பற்றி யூடியூபில் பேசப் போகிறேன், எடிட் பண்ணிக் கொடு என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. மாட்டைப் பற்றிப் பேச ஊரில் ஆளா இல்லை, பால் சொசைட்டி வாசலில் காலையில் நின்றால் காது புளித்துவிடும் என்றேன். அவன் சிரிக்கவில்லை. அவனுக்குத் தெரிந்தது மாடு ஒன்றுதான். கையால் செய்ய முடியாததை வாயால் செய்து பிழைக்க முடியுமா என்று பார்க்க வந்திருந்தான். முடியாவிட்டால் ஒரகடம் பக்கம் ஏதாவது கம்பெனியில் செக்யூரிட்டி வேலை. நேற்றுவரை நாலு ஊர் மாடுகளுக்கு வைத்தியர் மாதிரி நடமாடியவனுக்கு, கம்பெனி கேட்டில் லாரி நம்பர் எழுதுவது சாவுக்குச் சமம். அதை அவனே என்னிடம் சொல்லியிருக்கிறான்.

சேனலுக்கு 'நந்து மாட்டுத் தொழுவம்' என்று பெயர் வைத்தோம். ஆரம்பத்தில் எல்லாம் குட்டிக் குட்டி வீடியோ. மடியைக் கழுவுவது எப்படி, தாது உப்பு எவ்வளவு போடுவது, பருவத்துக்கு வந்த மாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது. ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடம். யூடியூபில் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு கணக்கு காட்டுவார்கள்: பார்த்தவர்கள் சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள், அது வீடியோவின் நீளத்தில் எத்தனை சதவீதம் என்று. ஒன்றரை நிமிட வீடியோவைச் சராசரியாக ஒரு நிமிடத்துக்கு மேல் பார்த்திருந்தார்கள். எண்பது சதவீதம் என்று வந்ததைப் பார்த்து, பத்தாம் வகுப்பில் தான் வாங்காத மார்க்கை இப்போது வாங்கிவிட்டதாக நந்து குதித்தான். நானும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஆனால் சேனல் நகரவில்லை. சதவீதம் பெரிது, நேரம் சிறிது. நூறு பேர் ஒரு நிமிடம் பார்த்தால் நூறு நிமிடம்தான். அதே நூறு பேர் இருபது நிமிட வீடியோவில் ஆறு நிமிடம் இருந்துவிட்டுப் போனால் அறுநூறு நிமிடம். சதவீதம் என்னவோ முப்பதுதான், பார்த்தால் பெயில் மார்க் மாதிரி இருக்கும். நந்துவுக்கு இது புரிய ஒரு மாட்டுச் சந்தை தேவைப்பட்டது. ஒரு நாள் சந்தைக்குப் போய், மாடுகளையும் தரகர்களையும் துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசுவதையும் வளவளவென்று இருபத்திரண்டு நிமிடம் எடுத்துவிட்டான். இதை யார் பார்ப்பார்கள் என்று நான் திட்டிக்கொண்டேதான் வெட்டினேன். அதை ஜனங்கள் ஏழெட்டு நிமிடம் உட்கார்ந்து பார்த்தார்கள். அடுத்த சந்தை எப்போது என்று கேட்டார்கள். சேனல் அன்றைக்குத்தான் எழுந்து நின்றது.

அதிலிருந்து நந்து படிப்பாளி ஆகிவிட்டான். எந்த விஷயத்துக்கு எவ்வளவு நீளம் என்று அவனுக்குள்ளேயே ஒரு சட்டம் வைத்துக்கொண்டான். அதில் முக்கால்வாசி சரி என்று நான் இன்றைக்கும் சொல்வேன். சந்தை, பண்ணை, மாட்டுக்காரர் கதை எல்லாம் பொழுதுபோக்காகப் பார்ப்பது. அதை இருபது நிமிடம் விடலாம், ஜனங்கள் சோறு தின்றுகொண்டே பார்ப்பார்கள். பால் விலை மாறினால் இரண்டு நிமிடம். அதற்குமேல் இழுத்தால் திட்டுவார்கள். தீவனப்புல் நடுவது மாதிரி செய்து காட்டுகிற வேலை என்றால் ஆறு ஏழு நிமிடம். அதில் ஜனங்கள் நிறுத்தி நிறுத்தி, பின்னால் போய்த் திரும்பப் பார்ப்பார்கள். இவ்வளவும் அவனாகவே எண்களைப் பார்த்துக் கண்டுபிடித்தது.

கால் பங்கில்தான் கோணல். எட்டு நிமிடமோ அதற்கு மேலோ நீளம் இருந்தால்தான் வீடியோவுக்கு நடுவில் விளம்பரம் வைக்கலாம். அந்த எட்டு நந்துவின் தலையில் பேய் மாதிரி ஏறிக்கொண்டது. ஏழரை நிமிடத்தில் முடிகிற வீடியோவைக் கொண்டுவந்து, இன்னும் கொஞ்சம் இழு மோகா என்பான். எதை இழுப்பது? மாடு வாலை ஆட்டுவதையா? ஆட்டுவதையே வை என்பான். நான் வைத்தேன்.

நோய்களைப் பற்றிய வீடியோக்களைத்தான் அவன் எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது என்று தெரியாமல் இருந்தான். அப்போதுதான் வயிறு உப்புசத்தைப் பற்றி எடுத்தான். ஈரமான இளம் பயறுக்கொடி, கடலைக்கொடி மாதிரி எதையாவது மாடு வயிறு முட்டத் தின்றுவிட்டால் வயிற்றில் நுரையும் வாயுவும் சேர்ந்து இடது விலா பலூன் மாதிரி எழும்பும். மூச்சு விட முடியாது. படுத்துவிட்டால் பெரும்பாலும் எழுந்திருக்காது. செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முதலில் டாக்டருக்குப் போன். மாட்டைப் படுக்க விடாமல், முன்னங்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்துவது. வாயில் கடிவாளம் மாதிரி ஒரு வேப்பங்குச்சியைக் குறுக்கே கட்டுவது. மாடு அதை மென்றுகொண்டே இருந்தால் எச்சில் ஊறி, ஏப்பம் வெளியே வரும். கால் லிட்டர் எண்ணெயைப் புரை ஏறாமல் வாயின் ஓரமாக மெதுவாக ஊற்றுவது. அவ்வளவுதான். மிச்சம் டாக்டர் வேலை.

இதைப் பதினொரு நிமிடம் ஆக்கினோம். முதலில் வணக்கம். பிறகு, கடைசி வரைக்கும் பாருங்க, முக்கியமான விஷயத்தைக் கடைசியிலதான் சொல்லப் போறேன் என்று ஒரு கொக்கி. பிறகு மாட்டுக்கு நாலு வயிறு என்று படம், கண்ணைப் பாருங்க, வயிற்றில் தட்டிப் பாருங்க என்று அறிகுறிகள். பிறகு தாது உப்புக் கம்பெனி விளம்பரம். பிறகு நந்துவின் நைனா வளர்த்த மாடு ஒன்று அவன் சின்ன வயதில் உப்புசத்தில் செத்துப்போன கதை. அதை அவன் சொல்லக் கேட்டு எனக்கே ஒரு தடவை கண் கலங்கியது. வேப்பங்குச்சியும் எண்ணெயும் எட்டாவது நிமிடம் தாண்டித்தான் வந்தன.

அந்த வீடியோ ஓடியது பாருங்கள், எங்கள் சேனலில் எதுவும் அப்படி ஓடியதில்லை. மாடு வயிறு உப்பினால் என்ன செய்வது என்று யார் தேடினாலும் முதலில் வந்து நிற்பது அதுதான். சராசரியாகப் பார்த்த நேரம் ஏழு நிமிடம் நாற்பது விநாடி. பதினொரு நிமிடத்தில் ஏழு நாற்பது! சந்தை வீடியோவில்கூட இவ்வளவு சதவீதம் வந்ததில்லை. எத்தனை பேர் எந்த நிமிடம்வரை இருந்தார்கள் என்று காட்டுகிற கோடு, எங்கள் மற்ற வீடியோக்களில் மலைச்சரிவு மாதிரி ஆரம்பத்திலேயே இறங்கும். இதில் எட்டாவது நிமிடம்வரை ஏரிக்கரை மாதிரி நேராகப் போனது. எண்ணெயைப் பற்றிச் சொல்லி முடித்த இடத்தில் கிணற்றில் விழுந்தது. நந்து அதை போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டான். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில்கூட எடுத்துக் காட்டினான்.

நோய் விஷயத்துக்குப் பதினொரு நிமிடம்தான் சரியான நீளம் என்று அன்றைக்குத் தீர்ப்பு எழுதிவிட்டான். மடிவீக்கம், கழிச்சல், கன்று மாட்டிக்கொள்வது என்று வரிசையாக எல்லாவற்றையும் அதே அச்சில் வார்த்தான். யாரோ ஒரு புண்ணியவான் உப்புசம் வீடியோவுக்குக் கீழே, 'மருந்து 8:10-ல் இருக்கிறது, நேராக அங்கே போங்கள்' என்று கருத்து எழுதினார். அதற்கு நானூறு ஐந்நூறு விருப்பக்குறி விழுந்து, அது மேலே வந்து நின்றது. ஜனங்கள் முன்பகுதியைத் தாண்டி நேராக அங்கே குதித்தார்கள். சராசரி நேரம் இறங்க ஆரம்பித்தது. நந்து அந்தக் கருத்தை மறைத்துவிட்டான். சராசரி திரும்ப ஏறியது. அவன் கெட்டவன் என்று நினைக்காதீர்கள். ஜனங்களுக்கு வீடியோ பிடித்திருக்கிறது, குறுக்கே எவனோ பொறாமையில் கல்லைப் போடுகிறான் என்றே அவன் நம்பினான். எனக்கு மனசு உறுத்தினாலும், கடைக்காரன் நான், வாயை மூடிக்கொண்டேன்.

தென்னேரியில் இருந்து சுபாஷ்ரீ என்ற பெண் எழுதியது அந்தச் சமயத்தில்தான். அவள் புருஷன் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவன். அவளும் பிரசவத்துக்கு முன்பு அங்கேதான் வேலை செய்தாள். குழந்தைக்குப் பிறகு வீட்டில் இருந்தபடி ஏதாவது செய்யலாம் என்று நந்துவின் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, மாடே வளர்த்தறியாத வீட்டில் ஒரு கலப்பினப் பசுவை வாங்கிவிட்டாள். மாடு வாங்கியது, கொட்டகை போட்டது, பால் கறக்கக் கற்றது எல்லாமே உங்கள் வீடியோ பார்த்துத்தான் அண்ணா என்று எழுதியிருந்தாள். நந்துவுக்குத் தலைகால் புரியவில்லை. 'நம்ம சேனலால் மாட்டுக்காரி ஆனவர்' என்று இருபது நிமிடத்துக்கு ஒரு கதை எடுக்கலாம், இது எழுபது சதவீதம் பார்க்கிற மாதிரி வரும் என்று நாள் குறித்தான்.

குறித்த நாளில் போனோம். ஏரி நிறைந்து மதகுக்குப் பக்கம் தண்ணீர் பளபளத்துக்கொண்டிருந்தது. அதை நாலு கோணத்தில் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனோம். இருபத்தைந்து இருபத்தாறு வயதிருக்கும். இடுப்பில் குழந்தை. நல்ல புடவை கட்டியிருந்தாள், கேமராவுக்காக இருக்கும். எங்களை உட்காரவைத்து டீ கொடுத்தாள். கடையில் வாங்கிய பால் பாக்கெட்டின் கவர் அடுப்படி வாசலில் கிடந்தது. மாட்டுக்காரி வீட்டில் பாக்கெட் பால் எதற்கு என்று எனக்கு உறைத்தது, நந்துவுக்கு உறைக்கவில்லை. அவன் கொட்டகையைக் காட்டச் சொன்னான்.

கொட்டகை சுத்தமாக இருந்தது. தரை கழுவி விட்டிருந்தது. தொட்டியில் தண்ணீர் இல்லை. முளைக்குச்சியில் கயிறு மட்டும் இருந்தது. நான் கேமராவை ஓடவிட்டுவிட்டேன், பழக்கதோஷம். மாடு மேய்ச்சலுக்குப் போயிருக்கிறதா என்று நந்து கேட்டான். அவள் இல்லை என்று தலையாட்டினாள். போன வாரம் செத்துப்போச்சு என்றாள். வரவேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாளாம். அவ்வளவு தூரம் பேசி நாள் குறித்த பிறகு, அதுவும் நந்து அண்ணன் வருகிறேன் என்று சொன்ன பிறகு, வராதே என்று சொல்வது மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டாளாம்.

எப்படி ஆயிற்று என்று நந்து கேட்டான். அவள் பாடம் ஒப்பிப்பது மாதிரி சொன்னாள். பக்கத்துக் கொல்லையில் கடலை பிடுங்கிப் போட்டிருந்தார்கள். மழை பெய்து கொடி நனைந்து கிடந்தது. கயிறு அவிழ்ந்த மாடு போய் வேண்டிய மட்டும் தின்றுவிட்டது. திரும்பி வந்தபோது இடது பக்கம் எழும்பியிருந்தது. அவள் டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் வேறு ஊரில் பிரசவத்தில் மாட்டிக்கொண்ட ஒரு கன்றை இழுக்கிற வேலையில் இருந்தார், முடித்துவிட்டு வருகிறேன் என்றார். புருஷன் ஷிப்டில் இருந்தான், உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். பிறகு அவள் போனில் தேடினாள். முதலில் வந்தது நந்து.

"போனத் தொட்டி மேல சாய்ச்சு வெச்சிக்கினு பாத்தேண்ணா. நெட்டு வேற சுத்திக்கினே இருந்துச்சு. நடுவுல விளம்பரம் வந்து வந்து போச்சு. நீங்க கண்ணப் பாக்கச் சொன்னீங்க, பாத்தேன். வயித்துல தட்டிப் பாக்கச் சொன்னீங்க, தட்டுனேன். மத்தளம் மாதிரி கேட்டுச்சு."

வீடியோவை முன்னால் தள்ளிவிட்டுப் பார்த்திருக்கலாமே என்று கேட்டது நான்தான். கேமராவுக்குப் பின்னால் இருப்பவன் பேசக்கூடாது, ஆனால் வாய் நிற்கவில்லை. அவள் என்னைப் பார்க்காமல் நந்துவைப் பார்த்தே பதில் சொன்னாள்.

"தாண்டிட்டா எதனா முக்கியமானது வுட்டுப்பூடும்னு பயமா இருந்துச்சுண்ணா. நமக்கு மாட்டப் பத்தி இன்னா தெரியும்? நீங்க கடைசி வரைக்கும் பாக்கச் சொல்லிக்கீறீங்க."

நந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். மாடு எப்போது விழுந்தது என்று கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டான்.

"நீங்க உங்க நைனா மாட்டுக் கதையச் சொல்லிக்கினு இருந்தீங்க. அப்பத்தான் படுத்துச்சு. அதுக்கப்பறம் எண்ணெ ஊத்தச் சொன்னீங்க, ஊத்துனேன். உள்ள போவல, வழிஞ்சிடுச்சு. நான்தான் லேட் பண்ணிட்டேண்ணா."

டாக்டர் வந்தபோது மாடு குளிர்ந்துவிட்டிருந்தது. எண்ணெய் எப்படி ஊற்றியிருக்க வேண்டும், தலையை எவ்வளவு தூக்கியிருக்க வேண்டும் என்று அவள் நந்துவைக் கேட்டாள். அடுத்த தடவை சரியாகச் செய்ய வேண்டும் அல்லவா என்றாள். அவன் சொல்லிக்கொடுத்தான். இல்லாத மாட்டின் தலையைக் காற்றில் பிடித்து, வலது கையால் இப்படி, கட்டைவிரலை இங்கே வைத்து என்று காட்டினான். இடது கை ஒத்துழைக்கவில்லை. அவள் குழந்தையை இறக்கி விட்டுவிட்டு, அவன் செய்வதைப் பார்த்து அப்படியே செய்தாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. கேமராவை அணைத்தேன்.

அவள் ஒரு தடவைகூடக் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு நல்லதாக இருந்திருக்கும். வைத்தியம் என்றால் அவ்வளவு நேரம் ஆகும், தனக்குத்தான் வேகம் போதவில்லை என்று அவள் முடிவு கட்டிவிட்டிருந்தாள். எண்ணெய் முதலிலேயே போயிருந்தால் மாடு பிழைத்திருக்குமா? பிழைத்திருக்கும் என்று சத்தியம் பண்ண யாராலும் முடியாது. பிழைத்திருக்காது என்று சொல்ல நந்துவால் முடியவில்லை.

திரும்பும்போது வாலாஜாபாத் தாண்டியதும் நந்து வண்டியை ஓரம் கட்டச் சொல்லி இறங்கி, போனை எடுத்து அந்தக் கோட்டைப் பார்த்தான். நேராகப் போய் எட்டாவது நிமிடத்தில் விழுகிற கோடு.

"அவ இதுலதான் கீறா, மோகா. இந்த ஏழு நாப்பதுல அவளும் கீறா."

என்னால் அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. பந்தியில் ஒருவன் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் சாப்பாடு ருசி என்றும் வைத்துக்கொள்ளலாம், இன்னும் இலையில் சோறு விழவில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம், நீ எதைப் பார்த்தாய் என்று கேட்டேன். சந்தை வீடியோவில் ஏழு நிமிடம் இருந்தவன் சந்தோஷத்தில் இருந்தான். இதில் ஏழு நிமிடம் இருந்தவன் பக்கத்தில் மாடு மூச்சு முட்டிக்கொண்டு நிற்க இருந்தான். கணக்கில் இரண்டும் ஒரே ஏழுதான். சொல்லி முடித்த பிறகுதான், இதை வண்டி ஓரத்தில் சொல்வதற்குப் பதில் என் கடையில் எடிட் பண்ணும்போது சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. நந்து புளியமரத்தடியில் குந்தி, இடது கையை மடியில் போட்டுக்கொண்டு அழுதான். ரோட்டில் போகிறவர்கள் வண்டியை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் கடை திறக்கும் முன்னே வந்து நின்றான். போட்ட வீடியோவை எடுத்துவிட்டு அதே இடத்தில் வேறு வீடியோவை வைக்க யூடியூபில் வழியில்லை. ஆனால் இருப்பதைக் கத்தரிக்கலாம். வணக்கம், நாலு வயிறு, தாது உப்பு, நைனா கதை எல்லாவற்றையும் வெட்டி எறியச் சொன்னான். மீந்தது இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. எட்டு நிமிடத்துக்குக் கீழே போவதால் நடு விளம்பரம் போய்விடும் என்று ஞாபகப்படுத்தினேன். போகட்டும் என்றான். மற்ற நோய் வீடியோக்களையும் அதே மாதிரி வெட்டினோம். ஆசைப்பட்டுக் கட்டிய வீட்டை அவன் தன் கையாலேயே இடிப்பது மாதிரி இருந்தது. ஆனால் முகத்தில் கொஞ்சம் தெளிவு தெரிந்தது. மாடு உப்பியதும் தேடுகிறவன் கையில் முதல் நொடியிலேயே மருந்து கிடைக்கும், அது போதும் என்றான்.

அந்தத் தெளிவு ரொம்ப நாள் நிற்கவில்லை. சதவீதம் என்னவோ எழுபதுக்கு மேல்தான். ஆனால் பார்த்த நேரம் ஏழு நாற்பதில் இருந்து ஒன்று இருபதுக்கு விழுந்தது. வருகிறவன் எண்ணெய், குச்சி என்று கேட்டதும் போனைப் போட்டுவிட்டு மாட்டிடம் ஓடுகிறான், ஓடத்தானே வேண்டும். அதனால்தானோ என்னவோ, வாரங்கள் போகப் போகத் தேடலில் எங்கள் வீடியோ இரண்டாவதாக, நாலாவதாக, பிறகு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாலும் சிக்காத இடத்துக்கு இறங்கிவிட்டது. முதலிடத்துக்கு வேறொரு சேனலின் வீடியோ வந்தது. பதிமூன்று நிமிடம். ஆரம்பத்திலேயே, கடைசி வரைக்கும் பாருங்கள் என்கிறது. நந்து என் கடையில் உட்கார்ந்து அதை ஓட்டிப் பார்த்தான். நாலு வயிற்றுப் படம்கூட எங்களுடையது மாதிரியே இருந்தது. எண்ணெய் பத்தாவது நிமிடத்தில் வந்தது.

நந்துவின் பழைய வீடியோ இருந்தபோது முன்பகுதியைத் தாண்டாதவன் எட்டு நிமிடம் காத்திருந்தான். இப்போது நல்ல வீடியோ இருக்கிறது, அதைப் பார்க்க ஆள் இல்லை. தேடுகிறவன் பத்து நிமிடம் காத்திருக்கிறான். நந்துவுக்கு இது விளங்கியபோது, நானே திரும்ப நீளமாப் போட்டாத்தான் மேல வருமா என்று கேட்டான். வரலாம் என்றேன். அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அடுத்த சந்தை வீடியோவும் முன்பு மாதிரி ஓடவில்லை. கம்பெனி கேட்டில் ஆள் எடுக்கிறார்களாம் என்று பிரபா ஒருவழியாகப் பேச்சை எடுத்துவிட்டாள், அவன் மறுக்கவில்லை.

கடைசி முயற்சியாக, உப்புசத்துக்கு மட்டும் புதிதாக ஒன்று எடுத்தான். வணக்கம்கூட இல்லை. 'டாக்டருக்குப் போன் பண்ணுங்க, மாட்டைப் படுக்க விடாதீங்க' என்று ஆரம்பித்து, குச்சியைக் கட்டி, எண்ணெய் ஊற்றி, ஐம்பது விநாடியில் முடிந்துவிடும். அவன் எடுத்ததிலேயே நல்ல வீடியோ அதுதான் என்பது என் அபிப்பிராயம். வெளியிட்ட அன்று பார்த்தவர்கள் சொற்பம். சேனலில் மணியை அழுத்தி வைத்திருக்கிற பழைய ஆட்களுக்கு மட்டும் செய்தி போயிருக்கும்.

சாயங்காலம் கடையில் இருந்தோம். நந்துவின் போன் அடித்தது. தென்னேரி சுபாஷ்ரீ. அவன் எடுக்கத் தயங்கினான், பிறகு ஸ்பீக்கரில் போட்டான். நலம் விசாரித்தாள். அண்ணி எப்படி இருக்கிறாள், தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். மறுபடி கம்பெனி வேலைக்கே போவதாகவும், குழந்தையை அம்மா வீட்டில் விட்டிருப்பதாகவும் சொன்னாள். மாடு இனிமேல் வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். பிறகு கொஞ்சம் நிறுத்தினாள்.

"புது வீடியோ பாத்தேண்ணா. ஒரு நிமிசங்கூட இல்ல."

நந்து, ஆமாம்மா என்றான்.

"அவ்ளோதானாண்ணா அது? ஒரு நிமிசத்துல சொல்லக்கூடிய விசயந்தானா?"

அவள் குரலில் சண்டை இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நந்து போனை மேஜைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதாவது சொல்லடா என்று நான் கையால் காட்டினேன். போனில் அந்தப் பக்கம் ஏதோ பஸ் போகிற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. அவள் போனை வைக்கவில்லை. அவன் பதில் சொல்வான் என்று காத்துக்கொண்டிருந்தாள்.